ஸ்லைடுக்கு பிராண்ட் கலர் ரெண்டு மூணு எடுக்கிறது எப்படி, அது கடைசி வரிசைக்கும் தெரியுதான்னு பாக்கிறது எப்படி

பிரசன்டேஷனுக்கு கலர் எடுக்கப் போறவங்க பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா, பேலட் காட்டுற சைட் ஒண்ணுக்குப் போய் அழகா பக்கத்து பக்கத்துல அஞ்சு கட்டம் இருக்கிறதப் பாத்து "இது நல்லாருக்கே"ன்னு எடுத்துட்டு வந்துடறாங்க. கட்டமா பாக்கிறப்போ எல்லாமே நல்லாத்தான் இருக்கும், ஆனா ஸ்லைடுல கலர் கட்டமா நிக்கிறதில்ல, ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது, பின்னாடி ஒரு கலர், அது மேல எழுத்துக்கு இன்னொரு கலர். அதனால கலரை தனித்தனியா எடுக்காதீங்க, ஜோடி ஜோடியா எடுங்க. மூணு கலர்னா மூணு ஜோடி வரும். அதுல எந்த ஜோடில எழுத்து போடலாம், எந்த ஜோடில போடவே கூடாதுன்னு தெரிஞ்சுட்டா பேலட் வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

இதை ஒரே ஒரு உதாரணத்தை வச்சு முழுசா பண்ணிப் பாத்துடலாம். லோகோ ஆரஞ்சு கலர், கோடு `#F28C28`. இதை மாத்த முடியாது, இதுக்கு மேல ஒண்ணோ ரெண்டோ கலர் நாமளா சேக்கணும். ஆரஞ்சை வேணும்னே எடுத்தேன், ஏன்னா மாட்டிக்கிறவங்க நிறைய பேரு இந்த மாதிரி பளிச்சுனு நடுத்தர வெளிச்சத்துல இருக்கிற கலர்லதான் மாட்டுறாங்க.

முதல்ல கோடை சரியா எடுங்க

லோகோவோட ஒரிஜினல் ஃபைல், SVG இல்லன்னா PNG, அதுலருந்து ஐடிராப்பர் வச்சு எடுங்க. வாட்ஸ்அப்ல வந்த JPG-லயோ ஸ்கிரீன்ஷாட்லயோ எடுத்தா கம்ப்ரஷன்ல கலர் லேசா மாறியிருக்கும், ஒரே லோகோல ரெண்டு இடத்துல கிளிக் பண்ணா ரெண்டு கோடு வரும். டிசைனர் குடுத்த பிராண்ட் ஷீட் இருந்தா அதுல போட்டிருக்கிற ஹெக்ஸ் கோடுதான் கடைசி வார்த்தை. பிரிண்ட்டுக்கான CMYK நம்பர் மட்டும் இருந்தா, ஸ்கிரீனுக்கான கோடை டிசைனர்ட்டயே கேட்டு வாங்கிடுங்க, நீங்களா கன்வெர்ட் பண்ணா ஒவ்வொரு சாஃப்ட்வேர்லயும் ஒவ்வொரு மாதிரி வரும்.

அந்த கலர் எவ்வளவு வெளிச்சம்னு பாருங்க

படிக்க முடியுதா இல்லையாங்கிறத தீர்மானிக்கிறது சிவப்பா நீலமாங்கிறது இல்ல, ரெண்டுக்கும் நடுவுல வெளிச்ச வித்தியாசம் எவ்வளவுங்கிறதுதான். இதை அளக்க WCAG-ன்னு வெப் உலகத்துல ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல வர்ற கான்ட்ராஸ்ட் ரேஷியோ ஃபார்முலா இவ்வளவுதான்:

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

L1 வெளிச்சமான கலரோட அளவு, L2 இருட்டான கலரோடது. சுத்த வெள்ளை 1, சுத்த கருப்பு 0, மத்ததெல்லாம் நடுவுல. வெள்ளையும் கருப்பும் சேந்தா 21 வரும், அதான் உச்சம். சாதா எழுத்துக்கு குறைஞ்சது 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருக்கணும்னு அந்த ஸ்டாண்டர்ட் சொல்லுது. நீங்க உக்காந்து கணக்கு போட வேணாம், WebAIM Contrast Checker மாதிரி இலவச பக்கத்துல ரெண்டு கோடை ஒட்டினா நம்பர் வந்துடும். ஆனா அந்த 0.05-ஐ மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, அது சும்மா போட்டது இல்ல, பின்னாடி அதுகிட்ட வரணும்.

நம்ம ஆரஞ்சோட L சுமார் 0.38. அது மேல வெள்ளை எழுத்து போட்டா ரேஷியோ 2.45. பெரிய எழுத்துக்கான 3 கூட வரல. ஆரஞ்சு பட்டைல வெள்ளைத் தலைப்பு போட்ட ஸ்லைடை நீங்க ஆயிரம் பாத்திருப்பீங்க, பெரும்பாலும் ஃபெயில்தான், கிட்டத்துல லேப்டாப்ல உக்காந்து பாக்கிறவங்க கண்ணுக்கு அது தெரியறதில்ல, அவ்வளவுதான். வெள்ளை பேக்கிரவுண்ட்ல ஆரஞ்சு எழுத்து போட்டாலும் அதே 2.45தான், ஜோடியை திருப்பிப் போட்டா ரேஷியோ மாறாது.

இப்போ ஒரு விஷயம் புரிஞ்சிருக்கும். ஆரஞ்சு நடுவுல நிக்கிற கலர். கூட இன்னொரு நடு கலரை சேத்தா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரவே முடியாது. சுத்த சிவப்பும் சுத்த நீலமும் எடுத்துக்கோங்க, பாக்க எவ்வளவு வேற வேற கலர், ஆனா ரேஷியோ 2.15தான், போதாக்குறைக்கு எழுத்து ஓரம் துடிக்கிற மாதிரி கண்ணை வேற உறுத்தும். சிவப்பும் `#008000` பச்சையும்னா 1.3, எழுதினதே தெரியாது.

ஆகவே மூணு கலர் பேலட்டுக்கு நான் வச்சிருக்கிற கணக்கு: ஒண்ணு நல்லா இருட்டு, ஒண்ணு கிட்டத்தட்ட வெள்ளை, ஒண்ணு நடுவுல பளிச். லோகோ கலர் எந்த இடத்துல விழுதோ அந்த சீட் நிரம்பிடுச்சு, மத்த ரெண்டு சீட்டைத்தான் நீங்க நிரப்பணும். ரெண்டே கலர் போதும்னா இருட்டும் பளிச்சும் எடுத்துட்டு பேக்கிரவுண்டுக்கு வெறும் வெள்ளையை வச்சுக்கலாம், அதுல தப்பே இல்ல.

நம்ம கேஸ்ல ஆரஞ்சு பளிச் சீட். இருட்டுக்கு நேவி `#1B2A49`. ஆரஞ்சுக்கு எதிர்ப்பக்கம் நீலம்கிறதால பொருத்தமா இருக்கும், சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்களுக்கும் நீலம் ஆரஞ்சு நல்லா பிரிஞ்சு தெரியும். வெளிச்சத்துக்கு லேசா க்ரீம் அடிச்ச வெள்ளை `#FAF7F2`.

ஜோடி டேபிள்

இந்த மூணையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து நம்பர் எடுத்து எழுதி வச்சுக்கோங்க:

நேவியும் க்ரீமும்: 13.3
நேவியும் ஆரஞ்சும்: 5.8
ஆரஞ்சும் க்ரீமும்: 2.3

இந்த மூணு வரிதான் உங்க பேலட்டோட சட்டம். நேவியும் க்ரீமும் எங்க வேணா எழுத்து, எந்த சைஸ்லயும். நேவில ஆரஞ்சு எழுத்து இல்ல ஆரஞ்சுல நேவி எழுத்து, தலைப்புக்கும் பெரிய நம்பருக்கும் சரி. ஆரஞ்சும் க்ரீமும் சேந்து எழுத்துக்கு கிடையவே கிடையாது, ஆரஞ்சு க்ரீம் மேல வந்தா வெறும் அலங்காரத்துக்குத்தான், ஒரு கோடு, ஒரு பட்டை அந்த மாதிரி. ஆரஞ்சு பட்டன், ஆரஞ்சு டேபிள் ஹெடர் எல்லாத்துலயும் எழுத்து நேவில போகட்டும். டிசைன் தெரிஞ்ச நண்பர் யாராவது வந்து "ஆரஞ்சுல வெள்ளைதான் ஃப்ரெஷ்ஷா இருக்கு"ம்பார், இருக்கட்டும், டேபிளைக் காட்டுங்க.

சில பேருக்கு க்ரீம் பேக்கிரவுண்ட்ல ஒரு வார்த்தையையாவது ஆரஞ்சுல ஹைலைட் பண்ணியே ஆகணும்னு இருக்கும். அப்போ அதே சாயல்ல இருட்டான ஆரஞ்சு ஒண்ணு செஞ்சுக்கணும். பவர்பாயின்ட்ல More Colors உள்ள Custom டேப்ல HSL-க்கு மாத்தி, Hue-வை தொடாம, Sat-ஐ முழுசா ஏத்திட்டு, Lum-ஐ கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுட்டே வாங்க, ஒவ்வொரு தடவையும் செக்கர்ல போட்டுப் பாருங்க. `#B35A00` வச்சுப் பாத்தப்போ வெள்ளை மேல 4.8, பாஸ். ஆனா நம்ம பேக்கிரவுண்ட் வெள்ளை இல்லையே, க்ரீமாச்சே, அது மேல 4.49, மயிரிழைல போச்சு. எப்பவும் நீங்க நிஜமா போடப் போற பேக்கிரவுண்டோட கோடை வச்சே டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்றது இதுக்குத்தான். இன்னும் கொஞ்சம் இறக்கி `#A85400` வச்சா க்ரீம் மேல 5 வருது, அதை வச்சுக்கலாம். லோகோவோட ஆரஞ்சுக்கு தம்பி மாதிரிதான் தெரியும், பிராண்ட் மாறிட்டதா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.

பெரிய எழுத்துங்கிற ஓட்டையை நம்பாதீங்க

WCAG-ல 18 பாயின்ட்டோ அதுக்கு மேலயோ, இல்ல போல்டா 14-ஓ அதுக்கு மேலயோ இருந்தா பெரிய எழுத்து, 3 போதும்னு இருக்கு. ஸ்லைடுல எல்லாமே 18-க்கு மேலதானே, அப்போ 3 போதும்னு ஒரு நினைப்பு வரும். அங்கதான் சிக்கல். ஸ்லைடோட பாயின்ட் நிஜ பாயின்ட் இல்ல. வழக்கமான 16:9 ஸ்லைடு பவர்பாயின்ட்ல 13.33 இன்ச் அகலம். வீடியோ கால்ல அதை ஒருத்தர் போனை படுக்க வச்சு அஞ்சரை இன்ச்சுல பாத்தா நீங்க போட்ட 24 பாயின்ட் அங்க 10 பாயின்ட்டா சுருங்கிடும். பெரிய ஹால்ல கடைசி வரிசைல உக்காந்தவங்களுக்கும் அதே நிலைமைதான். அதனால ஸ்லைடுல எழுத்துன்னு இருக்கிற எல்லாத்துக்கும் 4.5-ஐ அடிமட்டமா வச்சுக்கோங்க, பத்தி பத்தியா படிக்க வேண்டியதுக்கு 7. சார்ட்ல பட்டை, கோடு, ஐகான் மாதிரி எழுத்தில்லாத விஷயத்துக்கு 3 போதும்.

வெளிச்சம் உள்ள ரூம் உங்க நம்பரை எப்படி தின்னுது

இப்போ அந்த 0.05-க்கு வருவோம். ஸ்கிரீன் மேல வெளில இருந்து விழுற வெளிச்சத்துக்காக வச்ச கணக்கு அது. மானிட்டருக்கு சரி, ஆனா புரொஜெக்டருக்கு கருப்புன்னு ஒண்ணு கிடையாது, கருப்புங்கிறது புரொஜெக்டர் ஒளி அடிக்காத இடம், அங்க தெரியறது வெறும் ஸ்கிரீன் துணி. ரூம்ல லைட் எரிஞ்சா அந்தத் துணி சாம்பலா தெரியும், அந்த வெளிச்சம் ஸ்லைடுல எல்லா இடத்துலயும் சமமா கூடும். அதாவது ஃபார்முலால 0.05 இருக்கிற இடத்துல பெரிய நம்பர் வந்து உக்காரும். லைட் எரியற ரூம்ல, புரொஜெக்டர் வெள்ளையோட அஞ்சுல ஒரு பங்கு வெளிச்சம் துணில விழுதுன்னு வைங்க, 0.05-க்கு பதிலா 0.2. நம்ம ஜோடிங்க என்ன ஆகுதுன்னு பாருங்க:

நேவியும் க்ரீமும்: 13.3-லருந்து 5.1
நேவியும் ஆரஞ்சும்: 5.8-லருந்து 2.6
க்ரீமும் இருட்டு ஆரஞ்சும்: 5-லருந்து 3.3

கடைசி ரெண்டு வரியை நல்லா பாருங்க. லேப்டாப்ல நேவி மேல ஆரஞ்சுதான் ஜெயிச்சிட்டு இருந்தது, ரூம்ல அது தோத்துடுச்சு, வெள்ளையாட்டம் இருக்கிற பேக்கிரவுண்ட் மேல இருட்டு எழுத்து முந்திடுச்சு. காரணம் ரொம்ப சிம்பிள், இருட்டு பேக்கிரவுண்டோட பலமே அது இருட்டா இருக்கிறதுதான், ரூம் லைட் முதல்ல காலி பண்றது அதைத்தான், மேல எழுத்தும் முழு வெள்ளையா இல்லாம நடு கலரா இருந்துச்சுன்னா ரெண்டுக்கும் இடைவெளி அடைச்சுக்கும். ராத்திரி லேப்டாப்ல சினிமா போஸ்டர் மாதிரி இருந்த டார்க் ஸ்லைடு மறுநாள் மீட்டிங் ரூம்ல வெளுத்துப் போன சட்டை மாதிரி தெரியறது இதனாலதான்.

அப்போ நேவி பேக்கிரவுண்டை தூக்கிடணுமான்னா, வேணாம். தலைப்பு ஸ்லைடு, பிரிவு மாறுற ஸ்லைடுக்கு வச்சுக்கோங்க, எழுத்து க்ரீம்ல பெரிசா இருக்கட்டும், ஆரஞ்சு அடிக்கோடு மட்டும் போட்டுக்கலாம். படிக்கிற சமாச்சாரம் எல்லாம் க்ரீம் பேக்கிரவுண்ட்ல நேவி எழுத்தா போகட்டும். எல்லாரும் அவங்கவங்க லேப்டாப்லதான் பாக்கப் போறாங்கன்னு உறுதியா தெரிஞ்சா நேவி மேல ஆரஞ்சு நம்பர் அசத்தலா இருக்கும், தாராளமா போடுங்க.

புரொஜெக்டர் கைல இல்லாதவங்க தோராயமா இப்படி பாக்கலாம்: ஸ்லைடு முழுக்க மூடுற மாதிரி ஒரு வெள்ளை செவ்வகம் வரைஞ்சு, அவுட்லைன் எடுத்துட்டு, Transparency 60% வைங்க. மேல ஒரு வெளுப்பு படரும், அதுக்கப்புறமும் படிக்க வருதுன்னா ரூம்லயும் வரும்னு நம்பலாம். கணக்கு அச்சு அசலா ஒத்துப் போகாது, ஆனா எது முதல்ல சாகும்னு காட்டிக் குடுத்துடும். பாத்து முடிச்சதும் செவ்வகத்தை டிலீட் பண்ண மறந்துடாதீங்க.

தீம்ல ஏத்துறது

கலர் முடிவானதும் ஒவ்வொரு பாக்ஸுக்கும் கோடை டைப் பண்ணிட்டு இருக்காதீங்க, அப்படிப் போட்டா நாளைக்கு பேலட் மாறினா ஒவ்வொண்ணா தேடி மாத்தணும். பவர்பாயின்ட்ல Design போய் Variants-ல கீழ் அம்பை அமுக்கி Colors, அதுல Customize Colors. கூகுள் ஸ்லைட்ஸ்ல Slide மெனுல Edit theme, மேல Colors. பவர்பாயின்ட்ல மொத்தம் 12 இடம் இருக்கும், நம்மகிட்ட இருக்கிறதோ மூணு கலர், இங்கதான் நிறைய பேரு மீதியை அப்படியே விட்டுட்டு வந்துடறாங்க.

Dark 1 நேவி, Light 1 க்ரீம். Accent 1 நேவி, Accent 2 ஆரஞ்சு. அடுத்து வர்ற நாலு Accent-தான் வில்லன், ஏன்னா சார்ட் போட்டா பவர்பாயின்ட் Accent 1, 2, 3ன்னு வரிசையா எடுக்கும், நாலு பட்டை இருந்தா மூணாவதும் நாலாவதும் பழைய தீமோட ஏதோ ஒரு கலர்ல வந்து நிக்கும், கூட்டத்துல தெரியாத ஆள் புகுந்த மாதிரி. அதனால Accent 3-ல வெளிர் சாம்பல் `#C9CED6`, 4-ல இருட்டு ஆரஞ்சு, மிச்சத்துல நேவியோட வெளிர் சாயல்கள்னு எல்லாத்தையும் நிரப்பிடுங்க.

Hyperlink இடத்தையும் பாருங்க. பழைய ஆபீஸ் தீம்ல லிங்க் கலர் `#0563C1` நீலம், அது நேவி பேக்கிரவுண்ட்ல 2.4தான், கடைசி ஸ்லைடுல நீங்க போட்ட வெப் அட்ரஸ் யாருக்கும் தெரியாமலே போயிடும். நம்ம தீம்ல லிங்க்குக்கு `#A85400` வைங்க, லிங்க் வர்ற ஸ்லைடை க்ரீம் பேக்கிரவுண்ட்ல போடுங்க.

அஞ்சு ஸ்லைடுல டெஸ்ட்

முழு டெக் செய்றதுக்கு முன்னாடி அஞ்சே அஞ்சு ஸ்லைடு போடுங்க: தலைப்பு, பாயின்ட் நிறைஞ்ச எழுத்து ஸ்லைடு, டேபிள், சார்ட், போட்டோ மேல எழுத்து. தலைப்பும் எழுத்தும் பெரும்பாலும் பிரச்சனை பண்ணாது. டேபிள்ல ஒண்ணு விட்டு ஒரு வரிசைக்கு ஷேட் வரும், அந்த ஷேட்ல எழுத்து எப்படி இருக்குன்னு தனியா நம்பர் எடுங்க, தீம் அதை தானா செய்றதால யாரும் கவனிக்கிறதே இல்ல.

சார்ட்ல எல்லா பட்டைக்கும் ஒரு கலர்னு அடிச்சு விடறத விட, எல்லாத்தையும் நேவில விட்டுட்டு நீங்க பேசப் போற ஒரே பட்டையை மட்டும் ஆரஞ்சு ஆக்குங்க. ஆரஞ்சுக்கும் க்ரீமுக்கும் 2.3தான்னு சொன்னோமே, 3 வேணும்ல, அதனால அந்தப் பட்டைக்கு நேவில மெல்லிசா ஒரு அவுட்லைன் குடுத்து, நம்பரை பட்டை உள்ளயே நேவில எழுதிடுங்க. பக்கத்துல லெஜண்ட்னு கலர் கட்டம் போட்டு எது எதுன்னு தேட விடறத விட பேரை பட்டை கிட்டயே எழுதறது எப்பவும் நல்லது. சரி, தப்புன்னு காட்ட பச்சை சிவப்பு போடறீங்கன்னா கூடவே வார்த்தையோ டிக் மார்க்கோ இருக்கணும், பார்வைல சிவப்பு பச்சை கலந்து தெரியறவங்க ஆம்பளைங்கள்ல நிறைய பேரு இருக்காங்க.

போட்டோ ஸ்லைடுக்கு செக்கர் உதவாது, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கலர் இருக்கும். எழுத்துக்குப் பின்னாடி நேவி பட்டை ஒண்ணு போட்டு Transparency 20% வைங்க. பின்னாடி போட்டோ சுத்த வெள்ளையா இருந்தாக்கூட க்ரீம் எழுத்துக்கு 7 கிடைக்கும், மோசமான நிலைமைலயே பாஸ்னா மத்ததைப் பத்தி கவலையில்ல. 50% வச்சா போட்டோ அழகா தெரியும், எழுத்து தெரியாது.

அப்புறம் அஞ்சையும் கருப்பு வெள்ளைல பாருங்க. பவர்பாயின்ட்ல View-ல Grayscale இருக்கே அதை எடுக்காதீங்க, அது பிரிண்ட்டுக்காக வச்சது, பேக்கிரவுண்டையும் எழுத்தையும் தானா மாத்திக் காட்டும், பாஸ் ஆன மாதிரி ஒரு பொய் தோற்றம் வரும். விண்டோஸ்ல Settings, Accessibility, Color filters போய் Grayscale ஆன் பண்ணுங்க, மேக்லயும் Accessibility-ல Display கீழ Color Filters இருக்கு. ஸ்லைட்ஷோவ ஓட விட்டுப் பாருங்க. ரெண்டு விஷயம் ஒரே சாம்பல்ல கலந்துச்சுன்னா அங்க கலர் மட்டும்தான் வேலை செஞ்சிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம், அங்க வார்த்தையோ அவுட்லைனோ சேக்கணும்.

கடைசியா நிஜ ரூம்ல, நிஜ லைட்டோட. அஞ்சையும் போட்டுட்டு பின் சுவர் வரைக்கும் நடந்து போய் திரும்பிப் பாருங்க, முடிஞ்சா ஸ்லைடை முன்னாடி பாக்காத ஒருத்தரை கூட்டிட்டுப் போய் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, ஏன்னா நீங்க எழுதினது உங்களுக்கு மனப்பாடம், தெரியலன்னாலும் படிச்சிடுவீங்க. அவர் எந்த வார்த்தைல தயங்குறாரோ அந்த ஜோடியைக் குறிச்சுக்கோங்க. சரி பண்றப்போ முதல்ல எழுத்தை இருட்டாக்குங்க, இல்ல பேக்கிரவுண்டை வெளிச்சமாக்குங்க. போல்டு பண்றதும் சைஸை ஏத்துறதும் அதுக்கப்புறம்தான். லோகோ கலரை மட்டும் தொடாதீங்க, அது இருக்கிற இடத்தை மாத்துங்க. எல்லாம் பாஸ் ஆச்சுன்னா Design-ல Themes கீழ Save Current Theme குடுத்து `.thmx` ஃபைலா சேவ் பண்ணி, அந்த மூணு வரி ஜோடி டேபிளையும் கூடவே வச்சு டீம்ல எல்லாருக்கும் அனுப்பிடுங்க.